அப்பாவுக்கு மார்ஃபின் குடுக்க அம்மா விடமாட்டேங்கிறாங்க, எப்படி புரிய வைக்கிறது?

உட்லண்ட்ஸ் மகன், 4 மே, இரவு 11:20

அப்பாவுக்கு 71 வயசு, நுரையீரல் கேன்சர், இப்ப முதுகெலும்புலயும் இடுப்புலயும் பரவிடுச்சு. டிரமடோலும் பனடோலும் வச்சு ஓட்டிக்கிட்டு இருந்தோம், போன வாரத்துலேர்ந்து அது கேக்கல. வீட்டுக்கு வர்ற ஹோஸ்பிஸ் டாக்டர் டிரமடோல நிறுத்திட்டு மார்ஃபின் தண்ணி மருந்து எழுதிக் குடுத்துட்டாரு. 2.5 மி.கி. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவ, நடுவுல வலிச்சா கூட ஒரு 2.5.

அம்மா பாட்டில வாங்கி சாமி ரூம் அலமாரில வச்சு பூட்டிட்டாங்க. அப்பா கத்துனா மட்டும் எடுத்து ஒரு ஸ்பூன் குடுக்குறாங்க. திருச்சில இருக்குற அக்கா ஃபோன்ல அழுவுறா, "அத குடுத்தா ரெண்டு நாள்ல முடிஞ்சுடும், அது கடைசில குடுக்குறது"ன்னு. நர்ஸ் இங்கிலீஷ்ல சொல்றத நான் தமிழ்ல சொன்னா அம்மா என்னை நம்பல. யாராவது இத வீட்ல பேசி ஒத்துக்க வச்சிருக்கீங்களா? என்ன சொன்னீங்க?

சட்டப்பாண்டி, 4 மே, இரவு 11:41

தம்பி ஜாக்கிரதை. மார்ஃபின் சிங்கப்பூர்ல ஏ வகுப்பு போதைப்பொருள். 30 கிராம் தாண்டுனா தூக்கு. வீட்ல வச்சிருக்கிறதே ரிஸ்க் லா. மூச்ச நிறுத்துற மருந்து வேற. அம்மா சொல்றதுலயும் நியாயம் இருக்கு.

பொங்கோல் அப்பா, 5 மே, காலை 6:15

என் ஒய்ஃபுக்கு சிசேரியன் அப்போ முதுகு ஊசில மார்ஃபின் கலந்து குடுத்தாங்க, மறுநாள் பூரா மூக்கு அரிக்குது மூஞ்சி அரிக்குதுன்னு ஒரே புலம்பல். பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல, இப்ப பிரைமரி ஒன் போறான். பயப்படாதீங்க பிரதர், தாயும் சேயும் நல்லா இருப்பாங்க.

ராத்திரி டியூட்டி, 5 மே, காலை 8:05

பொங்கோல் தம்பி, இங்க யாரும் பிள்ள பெத்துக்கல, மேல போயி ஒருக்கா படிங்க :)

மகன் தம்பி, நான் வார்டுல ரொம்ப வருஷம் இருந்துட்டு இப்ப வீடு வீடா போற ஹோஸ்பிஸ் நர்ஸ். உங்க வீட்டுக்கு வர்ற டீம் நான் இல்ல, அதனால மருந்து அளவு மாத்துற எதையும் அவங்களத்தான் கேக்கணும், அத முதல்லயே சொல்லிடுறேன். இப்பதான் ஷிஃப்ட் முடிஞ்சு வந்தேன், தூங்கி எந்திரிச்சு நீளமா எழுதுறேன். அதுக்குள்ள ஒண்ணு மட்டும் சொல்லுங்க: அம்மா "ஒரு ஸ்பூன்"னு குடுக்குறது எந்த ஸ்பூன்? பாட்டில் மேல 1 மி.லி.க்கு எத்தன மி.கி.ன்னு போட்டிருக்கு?

உட்லண்ட்ஸ் மகன், 5 மே, மதியம் 12:30

1 மி.லி.க்கு 1 மி.கி.ன்னு இருக்கு. ஸ்பூன்... டீ கலக்குற ஸ்பூன்தான் அக்கா. சிரிஞ்ச் ஒண்ணு குடுத்தாங்க, ஊசி இல்லாதது, அம்மா அத பாத்து இன்னும் பயந்து ஒளிச்சு வச்சுட்டாங்க. ஒரு நாளைக்கு ரெண்டு தடவ, மிஞ்சிப்போனா மூணு தடவ குடுக்குறாங்க. குடுத்ததும் அப்பா நல்லா தூங்கிடுறாரு, அத பாத்து "பாத்தியா மயங்கிட்டாரு"ன்னு அடுத்தத குடுக்கறதில்ல. ராத்திரி 2 மணிக்கு எந்திரிச்சு கட்டில் கம்பிய புடிச்சுக்கிட்டு முனகுறாரு.

ராத்திரி டியூட்டி, 5 மே, மாலை 5:40

சரி, உங்க வீட்ல என்ன நடக்குதுன்னு இப்ப புரியுது. அம்மா குறைச்சு குடுக்குறதா நினைக்குறாங்க, ஆனா ஒவ்வொரு தடவையும் எழுதினத விட கூட குடுக்குறாங்க. டீஸ்பூன் முழுசா எடுத்தா கிட்டத்தட்ட 5 மி.லி., உங்க பாட்டில்ல அது 5 மி.கி. டாக்டர் சொன்னது அதுல பாதி. அதனாலதான் குடுத்தவுடனே நல்லா அசந்து போறாரு, அப்புறம் பல மணி நேரம் ஒண்ணுமே இல்லாம வலி முழுசா திரும்பி வருது. ஒரு தடவ அதிகம், அடுத்து சுத்தமா இல்ல. பயந்து குடுத்தா மயக்கமும் வருது, வலியும் போகாது, ரெண்டு கெட்டதும் சேர்ந்து வந்துடும்.

முதல் வேலை, அந்த சிரிஞ்ச தேடி எடுங்க. அது வாய்க்குள்ள கன்னத்துப் பக்கமா மெதுவா விடுறதுக்கு, குத்துறதுக்கு இல்ல. அம்மா கையில குடுத்து தண்ணிய உறிஞ்சி 2.5 கோட்டுல நிறுத்த பழக்குங்க. அம்மாவே அளந்து பாத்தாங்கன்னா "இவ்வளவுதானா"ன்னு அவங்க வாயிலேயே வரும், நான் பல வீட்ல பாத்திருக்கேன். புது பாட்டில் வாங்குற ஒவ்வொரு தடவையும் லேபிள படிங்க, எல்லா பாட்டிலும் ஒரே கட்டியா இருக்காது, கட்டி மாறினா மி.லி. மாறிடும்.

ரெண்டாவது, ஏன் நாலு மணி நேரம். இந்த தண்ணி மருந்து குடிச்சு ஒரு அரை மணி நேரத்துல வேலை செய்ய ஆரம்பிக்கும், ஒரு மணி நேரத்துல உச்சம், நாலு மணி நேரத்துல இறங்கிடும். வலி வந்த அப்புறம் குடுத்தா, வலி ஏற ஏற நீங்க பின்னாடி துரத்திக்கிட்டே இருக்கணும். கடிகாரத்த பாத்து குடுத்தா மருந்து இறங்கறதுக்குள்ள அடுத்தது சேர்ந்துடும், வலி தலை தூக்க விடாது. அப்பா முகம் அமைதியா இருக்கேன்னு தள்ளிப் போடாதீங்க, மருந்து வேலை செய்யுறதனாலதான் அமைதியா இருக்காரு.

அம்மாகிட்ட "குடுங்க"ன்னு வாதாட வேணாம். "உங்களுக்கு எது பயமா இருக்கு"ன்னு கேளுங்க. மார்ஃபின்னு சொன்னா ஒவ்வொருத்தருக்கும் வேற வேற பயம். செத்துடுவாரோ, அடிமையாயிடுவாரோ, இத ஆரம்பிச்சா டாக்டர் கைவிட்டுட்டாருன்னு அர்த்தமோ. எந்த பயம்னு தெரியாம பதில் சொன்னா எல்லாத்துக்கும் தலைய ஆட்டிட்டு அலமாரிய பூட்டிடுவாங்க.

ராத்திரி டியூட்டி, 5 மே, மாலை 6:10

சட்டப்பாண்டி அண்ணே, உங்களுக்கு தனியா. 30 கிராம்ங்கிறது சரி, ஆனா அது கடத்தலுக்கு. டாக்டர் எழுதிக் குடுத்து நோயாளி பேரு ஒட்டி வாங்கின மருந்து வீட்ல இருக்குறது குற்றம் இல்ல. கணக்கும் பாருங்க: அந்த பாட்டில் 100 மி.லி.ன்னா உள்ள இருக்குறது 100 மி.கி. 30 கிராம் சேர்க்க 300 பாட்டில் வேணும், சாமி ரூம்ல சாமிக்கு எடம் இருக்காது. லேபிள கிழிக்காதீங்க, பேரப்பிள்ளைங்க இருந்தா பூட்டி வைங்க, அந்த விஷயத்துல அம்மா செஞ்சது சரிதான். சாவி எங்க இருக்குன்னு ராத்திரி முழிச்சிருக்குற ஆளுக்கும் தெரியணும், அவ்வளவுதான். வெளிநாட்டுலேர்ந்து யாராவது இந்த மாதிரி மருந்த இங்க கொண்டு வர்றதா இருந்தா சுகாதார அறிவியல் ஆணையத்துகிட்ட முன்கூட்டியே அனுமதி கேக்கணும், அங்கதான் சட்டம் கடுமை.

சட்டப்பாண்டி, 5 மே, இரவு 9:00

300 பாட்டில் சரி சரி. ஆனா மூச்சு நிக்கும்ங்கிறது பொய்யா? கூகுள் பண்ணா முதல்ல அதான் வருது.

பூக்கடை மீனா, 5 மே, இரவு 11:55

நான் எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன். எங்க அம்மாவுக்கு ஹாஸ்பிடல்ல மார்ஃபின் ஊசி போட்டாங்க, ஒரு மணி நேரத்துல போயிட்டாங்க. போடலாமான்னு கேட்டப்போ சரின்னு சொன்னது நான்தான். வருஷக்கணக்கா ஆச்சு. அண்ணன் இன்னும் என்கிட்ட பேசறதில்ல. இந்த தம்பியோட அம்மா பயப்படுறது எனக்கு நல்லா புரியுது.

ராத்திரி டியூட்டி, 6 மே, அதிகாலை 3:20

மீனா, இங்க ஒரு வீட்ல உக்காந்துதான் இத எழுதுறேன், நோயாளி தூங்குறாரு.

நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவ மருந்து குடுக்குறோம்னு வைங்க. அந்த மனுஷன் எப்ப போனாலும், காலைலயோ ராத்திரியோ, கடைசி மருந்து குடுத்து நாலு மணி நேரத்துக்குள்ளதான் போயிருப்பாரு. வேற வழியே இல்ல, கணக்கே அப்படி. யாரோ ஒருத்தர் கை அந்த கடைசி டோஸ குடுத்திருக்கும், இல்லன்னா யாரோ ஒருத்தர் வாய் அதுக்கு சரின்னு சொல்லியிருக்கும். உங்க வீட்ல அது நீங்க. உங்க அம்மாவோட உடம்பு ஏற்கெனவே போயிக்கிட்டு இருந்திருக்கும், மூச்சு திணறலோ வலியோ பாத்துதான் அந்த ஊசி போட்டிருப்பாங்க. கடைசி நேரத்துல மூச்சு மாறும், விட்டு விட்டு வரும், அது மருந்தே தொடாதவங்களுக்கும் வரும். நான் அங்க இல்ல, உங்க அம்மாவோட ஃபைல பாக்கல, அதனால நடந்தது இதுதான்னு அடிச்சு சொல்ல முடியாது. ஆனா சின்ன அளவுல ஆரம்பிச்சு வலிய பாத்து ஏத்துற மார்ஃபின் ஆயுள குறைக்குதுன்னு நான் எங்கயும் பாக்கல. அண்ணனுக்கு இத காட்டுங்கன்னு சொல்ல மாட்டேன், அது உங்க வீட்டு விஷயம்.

சட்டப்பாண்டி அண்ணே, மூச்சு அடங்குறது பொய் இல்ல. வலி இல்லாத ஆளு, பழக்கம் இல்லாத உடம்பு, ஒரேடியா பெரிய அளவு, இது மூணும் சேர்ந்தா ஆபத்துதான், செய்தில வர்றது பெரும்பாலும் அதுதான். வலியில இருக்குற ஆளுக்கு 2.5 மி.கி. வாய்வழியா குடுக்குறது வேற. முக்கியமா, மூச்சு திடீர்னு நிக்காது. அதுக்கு முன்னாடி தூக்கம் ஆழமா போகும், அந்த அறிகுறிய வீட்ல பாக்க முடியும்.

எப்படி பாக்குறது? பேர் சொல்லி கூப்பிடுங்க, தோள தட்டுங்க. கண்ண தொறந்து "ம்"னு சொல்லிட்டு திரும்ப தூங்கினா அது தூக்கம். அப்பா பல வாரமா சரியா தூங்கல, வலி குறைஞ்சா முதல் ரெண்டு மூணு நாள் கடன் அடைக்கிற மாதிரி தூங்குவாரு. தட்டியும் எழுப்ப முடியல, இல்லன்னா எழுப்பினா பேச்சு குழறி உடனே விழுந்துடுறாரு, மூச்ச எண்ணி பாத்தா ஒரு நிமிஷத்துக்கு எட்டுக்கும் கீழ, கண்மணி ஊசி முனை மாதிரி சின்னதா இருக்குன்னா அடுத்த டோஸ குடுக்காம ஹோஸ்பிஸோட 24 மணி நேர நம்பருக்கு உடனே அடிங்க. அந்த நம்பர ஃபிரிட்ஜ்ல ஒட்டுங்க, ஹெல்பருக்கும் சொல்லி வைங்க.

உட்லண்ட்ஸ் மகன், 6 மே, இரவு 10:15

அக்கா நீங்க சொன்ன மாதிரி கேட்டேன். "என்ன பயம்மா"ன்னேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் "உங்க சின்ன மாமா"ன்னாங்க.

சின்ன மாமா 80கள்ல ஹெராயின் அடிச்சு போதை மறுவாழ்வு நிலையத்துக்கு போயிட்டு போயிட்டு வந்தவரு. பாட்டியோட நகைய எடுத்து வித்ததெல்லாம் அம்மா பாத்திருக்காங்க. "அதுவும் இதுவும் ஒண்ணுதானே, அவன் அப்ப இததான் சொல்லுவான், மார்ஃபின்னு"ன்னாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. ஒண்ணா?

தேக்கா தாத்தா, 6 மே, இரவு 10:50

80கள்ல தேக்கா பக்கம் எங்க பிளாக் படிக்கட்டுலேயே பசங்க சுருண்டு கிடப்பானுங்க. அந்த அம்மாவ குத்தம் சொல்ல முடியாது. எனக்கே கால் ஆபரேஷன் அப்போ குடுத்தாங்க, வேணாம்னு சொல்லி பல்ல கடிச்சுக்கிட்டேன். வலிய தாங்குறது ஒரு பலம்தான்.

ராத்திரி டியூட்டி, 7 மே, மதியம் 1:30

அம்மாகிட்ட பொய் சொல்லாதீங்க. ஹெராயின் உடம்புக்குள்ள போனா மார்ஃபினாத்தான் மாறும், அந்த அளவுக்கு அவங்க சொல்றது உண்மை. "சும்மா பயப்படாதீங்க"ன்னா அவங்களுக்கு நீங்க ஒண்ணும் தெரியாத பிள்ளையாத்தான் படுவீங்க.

வித்தியாசம் மருந்துல இல்ல, ஆளு அத எதுக்கு தேடுறான்ங்கிறதுலதான். சின்ன மாமா அடிச்சது உலகத்த மறக்க, அது கிடைக்க எதையும் இழக்க தயாரா இருந்தாரு. அப்பாவுக்கு மருந்து வேலை செஞ்சா என்ன ஆகும்னு பாருங்க: எந்திரிச்சு உக்காருவாரு, டிவி செய்திய கேப்பாரு, காப்பி கேப்பாரு. போதை ஆளு வாழ்க்கைய விட்டு விலகிப் போவான், இவரு திரும்ப வருவாரு. அம்மாவுக்கு தெரிஞ்ச அடையாளத்தையே வச்சு சொல்லுங்க: ஒளிச்சு வச்சு குடிக்கிறாரா, மருந்துக்காக கோவப்படுறாரா, இல்ல "இப்ப பரவால்ல, வேணாம்"னு சொல்றாரா?

ஒண்ணு சேத்து சொல்லணும், இல்லன்னா பின்னாடி அம்மா குழம்புவாங்க. உடம்பு இந்த மருந்துக்கு பழகும். பல வாரம் எடுத்துட்டு திடீர்னு நிறுத்தினா வேர்க்கும், வயித்தால போகும், கை கால் பதறும். அது அடிமைத்தனம் இல்ல, பிரஷர் மருந்து சிலதயும் ஸ்டீராய்டயும்கூட திடீர்னு நிறுத்தக் கூடாது. இடுப்புக்கு ரேடியேஷன் குடுத்து வலி குறைஞ்சா டாக்டர் மார்ஃபின படிப்படியா இறக்குவாங்க, நான் முழுசா நிறுத்தினவங்கள பாத்திருக்கேன். ஆரம்பிச்சா விட முடியாதுங்கிறது சரியில்ல.

இப்பவே குடுத்தா கடைசில கேக்காதுன்னு சேத்து வைக்கிறவங்களும் உண்டு. இதுக்கு இதுதான் எல்லைன்னு ஒரு அளவு கிடையாது, நோய் கூடினா டாக்டர் அளவ கூட்டுவாங்க. சேத்து வைக்க வேண்டியது இல்ல.

தாத்தா, கால் ஆபரேஷன் வலி நாளுக்கு நாள் குறையும், முடிவு தெரிஞ்ச வலி. நீங்க பல்ல கடிச்சது சரி. இடுப்பெலும்புல கட்டி இருக்குற ஆளுக்கு நாளைக்கு குறையும்ங்கிற பேச்சே இல்ல, அவருக்கு பல்ல கடிக்க சொல்ல எனக்கு மனசு வராது.

தேக்கா தாத்தா, 7 மே, மாலை 4:00

அது சரிம்மா.

ராத்திரி டியூட்டி, 7 மே, மாலை 6:45

திருச்சி அக்காவ பத்தி எழுத மறந்துட்டேன். அவங்களும் சும்மா சொல்லல. இந்தியால 1985ல வந்த போதைப்பொருள் சட்டத்துக்கு அப்புறம் மார்ஃபின் வாங்கவும் வைக்கவும் ஆஸ்பத்திரிங்களுக்கே ஏகப்பட்ட லைசென்ஸ் தொல்லை, பல டாக்டருங்க கைல தொட்டு பழகவே இல்ல. 2014ல சட்டத்த திருத்தி கொஞ்சம் லேசாக்கினாங்க. கேரளால மட்டும் கோழிக்கோட்டுல 1993லேர்ந்து வலி நிவாரணத்த வீடு வீடா கொண்டு போயிட்டாங்க, அங்க சொந்தக்காரங்க இருந்தா கேட்டுப் பாருங்க. மத்த ஊர்கள்ல ரொம்ப பேரு மார்ஃபின பாத்ததே ஐசியூல, கடைசி மணி நேரத்துல. அப்ப குடுத்தா செத்துடுவாங்கன்னுதானே மனசுல பதியும். அக்காகிட்ட சண்ட போடாதீங்க, வீடியோ கால்ல அப்பா உக்காந்து சாப்பிடுறத காட்டுங்க.

பொங்கோல் அப்பா, 8 மே, காலை 7:00

இப்பதான் முழுசா படிச்சேன், சாரி பிரதர். ஒரு கேள்வி, மலச்சிக்கல் வருமாமே? என் ஒய்ஃபுக்கு வந்துச்சு.

ராத்திரி டியூட்டி, 8 மே, காலை 8:30

இப்ப நீங்க கேட்டதுதான் ஒழுங்கான கேள்வி. தூக்கம் ரெண்டு மூணு நாள்ல போயிடும், குமட்டல் ஒரு வாரத்துல, அதுக்கு மாத்திரை இருக்கு. மலச்சிக்கல் போகவே போகாது. மார்ஃபின் குடிக்கிற வரைக்கும் சென்னாவோ லாக்டுலோஸோ டாக்டர் எழுதினத தினமும் குடுக்கணும், கட்டினதுக்கு அப்புறம் இல்ல, முதல் நாள்லேர்ந்தே. மூணு நாள் போகலன்னா நர்ஸ கூப்பிடுங்க. கஞ்சியும் வாழைப்பழமும் மட்டும் போதும்னு மாமியாருங்க சொல்லுவாங்க, போதாது. வயித்து வலிக்கும் வாந்திக்கும் "மார்ஃபின் ஒத்துக்கல"ன்னு நிறுத்துற பாதி வீட்ல விஷயம் மலக்கட்டுதான்.

உட்லண்ட்ஸ் மகன், 11 மே, இரவு 9:30

அம்மா சாவிய ஃபிரிட்ஜ் மேல வச்சிட்டாங்க. சிரிஞ்ச்ல அவங்கதான் அளக்குறாங்க, என்னையும் ஹெல்பரையும் நம்பறதில்ல, ரெண்டு தடவ கண்ணாடிய போட்டு பாக்குறாங்க. ஒரு நோட்டுல எழுதுறோம். நேத்து முழு நாள் கணக்கு: நேரத்துக்கு குடுத்தது ஆறு தடவ, நடுவுல கூட குடுத்தது நாலு தடவ. முன்ன விட எவ்வளவோ பரவால்ல, ஆனா திரும்பி படுக்கறப்போ இன்னும் முனகுறாரு. கூட குடுத்தது நாலுங்கிறது அதிகமா? அம்மா "பாத்தியா ஏறிக்கிட்டே போகுது"ங்கிறாங்க.

ராத்திரி டியூட்டி, 11 மே, இரவு 10:40

அந்த நோட்டு டாக்டருக்கு தங்கம். அவங்க போடுற கணக்கு இப்படித்தான் போகும்: ஆறு தடவ 2.5, அது 15. நாலு தடவ 2.5, அது 10. மொத்தம் 25 மி.கி. அப்பாவோட வலி ஒரு நாளைக்கு இவ்வளவு கேக்குது. அத ஆறா பிரிச்சா நாலுக்கு பக்கத்துல வருது. அதனால அடுத்து நாலு மணி நேரத்துக்கு 4 மி.கி.ன்னு ஏத்துவாங்க, நடுவுல குடுக்குறதையும் அதுக்கு ஏத்த மாதிரி மாத்துவாங்க. ஏறுறதுன்னா அடிமையாகுறதுன்னு இல்ல, முதல் அளவு வேணும்னே குறைச்சு ஆரம்பிச்சது, சரியான அளவ தேடிக்கிட்டு இருக்காங்க. நீங்களா ஏத்தாதீங்க, நாளைக்கு காலைல நோட்ட படம் எடுத்து நர்ஸுக்கு அனுப்புங்க.

திரும்பறப்போ மட்டும் வலின்னா, உடம்பு துடைக்கிறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி அந்த கூடுதல் டோஸ குடுத்துக்கலாமான்னும் கேளுங்க.

சட்டப்பாண்டி, 12 மே, காலை 9:10

எங்க மாமாவுக்கு ராத்திரி 10 மணிக்கு ரெண்டு மடங்கா குடுத்துட்டு 2 மணி டோஸ விட்டுடுவோம், எல்லாரும் தூங்கலாம். அப்படியே செய்ங்க தம்பி.

ராத்திரி டியூட்டி, 12 மே, காலை 11:00

அண்ணே சொல்றது நிஜமாவே செய்யுறதுதான், ஆனா எல்லாருக்கும் இல்ல. வயசு, கிட்னி, எடை பாத்து டாக்டர் சொல்லணும். தம்பி, கேட்டுட்டு செய்ங்க.

உட்லண்ட்ஸ் மகன், 19 மே, இரவு 8:20

4 மி.கி. ஏத்தி அஞ்சாறு நாள் ரொம்ப நல்லா இருந்தாரு, அக்காகிட்ட வீடியோ கால்ல சிரிச்சாரு. முந்தாநாள்லேர்ந்து சரியா சாப்பிடல, தண்ணியும் குறைவு. இன்னிக்கு செவுத்துல எறும்பு போகுதுங்கிறாரு, ஒண்ணும் இல்ல. தூங்கறப்போ கை திடீர் திடீர்னு துள்ளுது. அம்மா "சொன்னேன்ல, மூளைக்கு ஏறிடுச்சு"ன்னு திரும்ப அலமாரிய பாக்குறாங்க.

ராத்திரி டியூட்டி, 19 மே, இரவு 8:35

இத படிச்சதும் ஹோஸ்பிஸ் நம்பருக்கு அடிங்க, காலை வரைக்கும் வைக்காதீங்க. தட்டினா எந்திரிக்கிறாரா? சிறுநீர் எவ்வளவு போறாரு? ரெண்டையும் அவங்ககிட்ட சொல்லுங்க.

உட்லண்ட்ஸ் மகன், 19 மே, இரவு 8:50

எந்திரிக்கிறாரு, பேசுறாரு. பேம்பர்ஸ் காலைலேர்ந்து ஒண்ணுதான், அதுவும் கொஞ்சம். அடிச்சாச்சு, அடுத்த டோஸ நிறுத்தி வைக்க சொன்னாங்க, டாக்டர் வர்றாரு.

ராத்திரி டியூட்டி, 20 மே, காலை 10:15

அம்மா இந்த தடவ பாதி சரி, அத அவங்ககிட்ட சொல்லிடுங்க. மார்ஃபின் ஈரல்ல உடைஞ்சு, உடைஞ்ச துண்டுங்க கிட்னி வழியாத்தான் வெளிய போகணும். தண்ணி குடிக்காம கிட்னி மந்தமானா அந்த துண்டுங்க உள்ளேயே சேரும். கை துள்ளுறது, இல்லாத எறும்பு தெரியுறது, தூக்கம் கூடுறது எல்லாம் அதோட அடையாளம். முந்தின வாரம் ஒத்துக்கிட்ட அதே அளவு இந்த வாரம் அதிகமாயிடும். டாக்டர் ரத்தம் எடுத்து பாப்பாங்க, அளவ குறைப்பாங்க, இல்லன்னா கிட்னிய அவ்வளவா நம்பாத வேற மருந்துக்கு மாத்துவாங்க. கேன்சர் மூளைக்கு போனா, கால்சியம் ஏறினா, இன்ஃபெக்ஷன் வந்தாகூட குழம்புவாங்க, அதையும் பாப்பாங்க. ஆனா அலமாரிய பூட்டுறது பதில் இல்ல, வலி மருந்தே இல்லாம விட்டா வலியும் பதட்டமும் சேர்ந்து இன்னும் குழம்புவாரு.

உட்லண்ட்ஸ் மகன், 21 மே, மாலை 6:30

கிட்னி ரிப்போர்ட் கெட்டுதான் இருக்கு. ஃபென்டனில் பிளாஸ்டர் போட்டாங்க, இருக்குறதுலயே சின்னது, 12ன்னு எழுதியிருக்கு. மூணு நாளைக்கு ஒருக்கா மாத்தணும். உடனே வேலை செய்யாதாம், அரை நாளுக்கு மேல ஆகுமாம், அதுவரைக்கும் என்ன குடுக்கணும்னு தனியா எழுதிக் குடுத்துட்டாங்க. தோல் வழியா மெதுவா ஊடுருவுதுன்னு சொன்னதும் அம்மா நிம்மதியாயிட்டாங்க, "இது கோடாலித் தைலம் மாதிரி"ன்னாங்க. நான் எதுவும் சொல்லல.

இன்னொண்ணு. அப்பாகிட்ட கேன்சர்னு நாங்க யாரும் சொல்லல. "எலும்பு தேய்மானம்"னுதான் சொல்லி வச்சிருக்கோம். பிளாஸ்டர் டப்பாவ கையில வாங்கி கண்ணாடி போட்டு படிச்சாரு. என்னை பாத்தாரு. நான் கிச்சனுக்கு போயிட்டேன்.

தேக்கா தாத்தா, 21 மே, இரவு 7:15

சொல்லாதீங்க தம்பி. எங்க அண்ணனுக்கு சொன்னோம், அன்னிக்கே சாப்பாட்ட நிறுத்திட்டாரு.

பூக்கடை மீனா, 21 மே, இரவு 9:40

எங்க அம்மா கேட்டாங்க, நாங்க மழுப்பினோம். கடைசியா என்ன சொல்ல நினைச்சாங்கன்னு இன்னும் எனக்கு தெரியாது. தாத்தா சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன்.

ராத்திரி டியூட்டி, 22 மே, அதிகாலை 4:10

இதுல ரெண்டு பக்கமும் நான் பாத்திருக்கேன். தானா போயி சொல்லாதீங்க, ஆனா அவரு கேட்டா பொய் சொல்லாதீங்க, இது என் கட்சி, தாத்தாவுக்கு வேற கட்சி இருக்கலாம். டப்பாவ படிச்ச மனுஷன் பாதி தெரிஞ்சுதான் பாத்திருக்காரு. "அப்பா, என்ன யோசிக்கிறீங்க"ன்னு கேட்டுட்டு வாய மூடிக்கிட்டு உக்காருங்க, அவரு எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்புறாருன்னு அவரே காட்டுவாரு. தனியா முடியலன்னா டீம்ல சோஷியல் வொர்க்கர் இருப்பாங்க, தமிழ் பேசுறவங்க வேணும்னு கேளுங்க.

பிளாஸ்டர் விஷயம் அவசரம்: கோடாலித் தைலம்னு அம்மா சொன்னது எனக்கு பயமா இருக்கு. அது மேல தைலம் தேய்க்கக் கூடாது, வெந்நீர் பை வைக்கக் கூடாது, சூடு பட்டா மருந்து வேகமா உள்ள போயிடும். காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான், வந்தா டீமுக்கு சொல்லுங்க. முடி இருந்தா கத்திரியால வெட்டுங்க, ஷேவ் பண்ணாதீங்க. புதுசு ஒட்டறதுக்கு முன்னாடி பழச எடுத்தாச்சான்னு பாருங்க, ரெண்டும் சேர்ந்து ஒட்டியிருந்த வீட்டுக்கு நான் போயிருக்கேன். எடுத்ததுல இன்னும் மருந்து மிச்சம் இருக்கும், ஒட்டுற பக்கம் உள்ள வர்ற மாதிரி மடிச்சு பிள்ளைங்க கைக்கு எட்டாம வைங்க. அலமாரில மிச்சம் இருக்குற தண்ணி மருந்த சிங்க்ல ஊத்தாதீங்க, வேற யாருக்கும் குடுக்காதீங்க, அடுத்த தடவ வர்ற நர்ஸ்கிட்ட என்ன பண்றதுன்னு கேட்டு அவங்க சொல்ற இடத்துல திருப்பிக் குடுத்துடுங்க.

உட்லண்ட்ஸ் மகன், 22 மே, காலை 7:25

அய்யோ அக்கா, நேத்து ராத்திரி இடுப்புக்கு வெந்நீர் பை வச்சாங்க. பிளாஸ்டர் நெஞ்சுல இருக்கு, பை அதுல படல. எடுத்துட்டேன். நோட்டுல முதல் பக்கம் பெருசா எழுதி வைக்கிறேன், ஹெல்பருக்கு அவங்க பாஷையிலயும்.